மிஷின் நல்லாத்தான் இருக்கு, ஃபைல்தான் வரலை

அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்த மறுநாள்தான் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தலைகாட்டும். ஜெராக்ஸ் மிஷினில் தாளை வைத்து, ஸ்கேன் என்பதைத் தொட்டு, பச்சைப் பொத்தானை அழுத்துகிறார்கள். தாள் வழக்கம்போல உள்ளே போய் வெளியே வருகிறது. ஃபைல் மட்டும் கம்ப்யூட்டரில் வந்து விழவில்லை. மிஷினின் சின்னத் திரையில் ‘இணைக்க முடியவில்லை’ என்கிற பொருளில் ஒரு வரியும், எந்தப் புத்தகத்திலும் தேடிப் பிடிக்க முடியாத ஓர் எண்ணும் தெரிகின்றன. நகல் எடுத்தால் வருகிறது, பிரிண்ட் கொடுத்தாலும் வருகிறது. ஸ்கேன் மட்டும்தான் வரவில்லை.

மிஷின் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டால், “மிஷின்ல ஒண்ணும் இல்ல சார், உங்க கம்ப்யூட்டர்லதான் பிரச்சினை” என்பார். கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டால், “கம்ப்யூட்டர் புதுசு சார், மிஷின்தான் பழசு” என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. மிஷின் பழுதாகவில்லை, கம்ப்யூட்டரும் பழுதாகவில்லை. அவை இரண்டும் பேசிக்கொண்டிருந்த மொழியை ஒரு தரப்பு கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டரை நெட்வொர்க்கில் உள்ள மற்றவர்களும் பயன்படுத்துவதற்கான அந்த மொழியின் பெயர் எஸ்எம்பி. 1983 வாக்கில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் வடிவமைத்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்து விண்டோஸுக்குள் வைத்தது. இன்று எஸ்எம்பி 1 என்று சொல்லப்படுவது அந்த முதல் தலைமுறைதான். 2006-இல் விண்டோஸ் விஸ்டாவோடு எஸ்எம்பி 2 வந்தது, 2012-இல் விண்டோஸ் 8-உடன் எஸ்எம்பி 3 வந்தது. புதிய கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசும்போது இருவருக்கும் தெரிந்ததில் எது மிகப் புதியதோ அதைத் தாமாகவே தேர்ந்துகொள்ளும். அதனால் மாற்றம் நடந்ததே அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

ஸ்கேனர்கள் விஷயம் வேறு. இவற்றை வடிவமைத்த காலத்தில் எல்லா விண்டோஸுக்கும் எஸ்எம்பி 1 தெரியும் என்பதால், பல நிறுவனங்கள் அதை மட்டும் மிஷினுக்குள் எழுதி வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டன. எஸ்எம்பி 2 வந்து பல ஆண்டுகள் கழித்துச் சந்தைக்கு வந்த மிஷின்களிலும் இதே கதை. கம்ப்யூட்டருக்கு மாதந்தோறும் அப்டேட் வருகிறது. ஜெராக்ஸ் மிஷினுக்குள் இருக்கும் மென்பொருளோ, ஆலையில் ஏற்றிய நாளிலிருந்து அப்படியே கிடப்பதுதான் வழக்கம். வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடி முடித்து, இங்கே ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரில் விற்கப்படும் மிஷின்களை நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளும் சிறு அலுவலகங்களும் விரும்பி வாங்குவதால், பழைய மிஷினும் புத்தம்புது விண்டோஸும் ஒரே அறையில் சந்திப்பது இங்கே அன்றாடக் காட்சி.

இதில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகும். ‘ஸ்கேன் டு ஃபோல்டர்’ என்பதில் கதவைத் தட்டுவது ஸ்கேனர், கதவைத் திறக்க வேண்டியது கம்ப்யூட்டர். ஸ்கேனர் கம்ப்யூட்டரின் 445 என்ற எண்ணுள்ள வாயிலுக்கு வந்து, ‘எனக்கு இன்னின்ன மொழி தெரியும்’ என்று ஒரு பட்டியலை நீட்டுகிறது. பழைய ஸ்கேனரின் பட்டியலில் மிக உயர்ந்தது `NT LM 0.12` என்ற வரி. எஸ்எம்பி 1-இன் கடைசி வடிவத்துக்கு அதுதான் பெயர். புதிய கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலைப் பார்க்கிறது, தனக்குப் பேச அனுமதி உள்ளது எதுவும் அதில் இல்லை என்று கண்டதும் இணைப்பைத் துண்டிக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் கட்டமே வரவில்லை. அதனால்தான் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருப்பதில்லை.

விண்டோஸ் ஏன் இப்படிக் கறாராகிவிட்டது? மைக்ரோசாஃப்டில் இந்தப் பகுதியைக் கவனித்துவந்த நெட் பைல், எஸ்எம்பி 1-ஐப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று 2016 செப்டம்பரிலேயே வெளிப்படையாக எழுதினார். அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2017 மார்ச் 14 அன்று, விண்டோஸின் எஸ்எம்பி 1 பகுதியில் இருந்த பெரிய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மருந்து வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து, அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழையும் எடர்னல் ப்ளூ என்ற கருவியை ‘ஷேடோ ப்ரோக்கர்ஸ்’ என்ற மர்மக் கும்பல் இணையத்தில் கொட்டியது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தன் உளவு வேலைக்காக உருவாக்கி வைத்திருந்த கருவி அது என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வன்னாக்ரை அந்தக் கருவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு கிளம்பியது. யாரும் தவறான மின்னஞ்சலைத் திறக்க வேண்டியதில்லை, எதையும் சொடுக்க வேண்டியதில்லை. மருந்து போடாத ஒரு கம்ப்யூட்டரின் 445 வாயில் திறந்திருந்தால் போதும், உள்ளே வந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டு, அங்கிருந்து அடுத்த கம்ப்யூட்டருக்குத் தானே தாவும். ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் விழுந்தன. இங்கிலாந்தின் பொது மருத்துவமனை அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு தடுமாறியது, அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஆந்திரக் காவல்துறையின் சில கம்ப்யூட்டர்களும், சென்னையை அடுத்த ரெனோ-நிசான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டதாக அந்த வாரமே செய்தி வந்தது. ஜூன் 27-இல் நாட்பெட்யா வந்தது. அதுவும் இதே ஓட்டையைத் தன் வழிகளில் ஒன்றாகப் பயன்படுத்தி, மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் வேலையை உலகெங்கும் முடக்கியது.

‘ஓட்டைக்குத்தான் மருந்து போட்டாயிற்றே, அப்புறம் ஏன் எஸ்எம்பி 1-ஐ மொத்தமாக அணைக்க வேண்டும்?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அடைக்கப்பட்டது எழுதியதில் இருந்த ஒரு தவறு. அதன் வடிவமைப்பிலேயே இல்லாதவற்றை எந்த மருந்தாலும் சேர்க்க முடியாது. போகும் வழியில் ஃபைலை மறைத்து அனுப்பும் வசதி எஸ்எம்பி 1-இல் கிடையாது. எஸ்எம்பி 3-இல் இருக்கிறது. நடுவில் ஒருவன் புகுந்து பேச்சைத் திரித்தால் கண்டுபிடிக்கும் ஏற்பாடும் அதில் பலவீனம். போதாததற்கு, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகளோடு வளர்ந்து கிடந்த பழைய கட்டடம் அது. எஸ்எம்பி 2-இல் அவற்றைப் பத்தொன்பதாகச் சுருக்கினார்கள். எத்தனை கட்டளை அதிகமோ, தவறு ஒளிந்திருக்க அத்தனை மூலை அதிகம்.

எனவே 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, எஸ்எம்பி 1-இல் கதவைத் திறக்கும் பகுதி புதிதாக நிறுவும்போது வருவதில்லை. விண்டோஸ் 11-இல் இரண்டு பக்கமும் கிடையாது. ஃபைல் சர்வராகப் பயன்படும் லினக்ஸ் மென்பொருளான சம்பாவும் 2019-இல் வெளியான 4.11 பதிப்பில் அதை அணைத்தது. இதற்கிடையே நெட் பைல், எஸ்எம்பி 1 இல்லாமல் இயங்காத பொருள்களைத் தயாரிப்பாளர் பெயரோடு பட்டியல் போட்டுப் பொதுவில் வைத்தார். ஃபோல்டருக்கு ஸ்கேன் அனுப்பும் மிஷின்கள் அதில் தாராளமாக இடம்பிடித்தன.

இனி நடைமுறைக்கு வருவோம். நம் ஊர்களில் எங்கும் காணக்கூடிய ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தாறு கம்ப்யூட்டர்கள், 2011 வாக்கில் தயாரான ஒரு ரீகண்டிஷன் மிஷின். முகப்பு மேஜையில் இருந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் `scan` என்று ஒரு ஃபோல்டர். கட்சிக்காரர்களின் பேங்க் ஸ்டேட்மென்ட், பில், பான் கார்டு எல்லாம் மிஷினிலிருந்து அதற்குத்தான் வரும். விண்டோஸ் 7 மூச்சை விட்டதும் அந்த இடத்தில் விண்டோஸ் 11 வந்தது. கம்ப்யூட்டர்காரத் தம்பி அதே பெயரில் ஃபோல்டரை உருவாக்கி, ஷேர் செய்து, அதே ஐபி எண்ணையும் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு `192.168.1.10`, மிஷினுக்கு `192.168.1.50` என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் வரவில்லை.

இங்கே பலரும் முதலில் செய்வது ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது. அடுத்து ஃபோல்டரை ‘எவரும் எதையும் செய்யலாம்’ என்று திறந்துவிடுவது. இரண்டும் பலன் தராது. பிறகு இவற்றைத் திரும்பச் சரிசெய்யவும் மறந்துவிடுவார்கள், அதுதான் கவலைக்குரியது. அதைவிட, காரணத்தை உறுதிசெய்ய இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது, அலுவலகத்தின் வேறொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து `\\192.168.1.10\scan` என்று தட்டுங்கள். மிஷினுக்குள் கொடுத்து வைத்த அதே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து ஒரு ஃபைலைப் போட்டுப் பாருங்கள். போக மறுத்தால் கோளாறு ஃபோல்டரிலோ, அனுமதியிலோ, ஃபயர்வாலிலோ, கடவுச்சொல்லிலோ இருக்கிறது. எஸ்எம்பி 1-ஐக் குறைசொல்ல அவசியமில்லை. புதிய கம்ப்யூட்டரில் நெட்வொர்க்கை `Public` என்று வைத்திருப்பதும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்துவிட்டு அதன் பின் எண்ணையே கடவுச்சொல் என்று நினைத்து மிஷினில் போடுவதும் அடிக்கடி நடப்பவை. ஸ்கேனுக்கென்று தனியாக ஓர் உள்ளூர்ப் பயனரை உருவாக்கிவிட்டால் பின்னது தீரும். ஃபைல் போய்ச் சேர்ந்தால், இவை எல்லாம் சரியாக இருக்கின்றன என்று பொருள். சந்தேகம் இப்போது மொழியின் மேல் விழுகிறது.

இரண்டாவது சோதனை, கம்ப்யூட்டரையே கேட்பது. மிஷினில் ஒருமுறை ஸ்கேன் அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு முகப்புக் கம்ப்யூட்டரில் `Event Viewer`-ஐத் திறந்து, `Applications and Services Logs`, `Microsoft`, `Windows`, `SMBServer`, `Operational` என்று உள்ளே போங்கள். அதே நிமிடத்தில் 1001 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருந்து, ஒரு கருவி எஸ்எம்பி 1 வழியாக வர முயன்றது, அந்த வசதி அணைக்கப்பட்டதால் அல்லது நீக்கப்பட்டதால் மறுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தால் வழக்கு முடிந்தது. இந்தப் பதிவு இருப்பதே பலருக்குத் தெரியாது. நாள்கணக்கில் கேபிளை மாற்றிப் பார்க்கிறார்கள்.

காரணம் தெரிந்துவிட்டது. இனி ஆடிட்டர் கேட்கப்போவது ஒன்றுதான். “தம்பி, அந்தப் பழசையே ஆன் பண்ணிவிட முடியாதா?”

முடியும். `Windows Features` பட்டியலில் `SMB 1.0/CIFS File Sharing Support` என்று ஒரு வரி இருக்கிறது. அதை விரித்தால் `Automatic Removal`, `Client`, `Server` என்று மூன்று உட்பிரிவுகள். கதவைத் திறப்பது கம்ப்யூட்டர் என்று மேலே பார்த்தோமே, அதனால் இங்கே தேவைப்படுவது `Server` மட்டும்தான். `Client`-ஐ டிக் செய்துவிட்டு ‘ஆன் பண்ணியும் வரலையே’ என்று குழம்புகிறவர்கள் உண்டு. மூன்றையும் டிக் செய்தவர்களுக்கு வேறொரு வேடிக்கை காத்திருக்கிறது. எஸ்எம்பி 1 பயன்படாமல் கம்ப்யூட்டர் 15 நாள் ஓடினால், `Automatic Removal` அதைத் தானாக நீக்கிவிடும். அணைத்து வைத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. சில வாரம் ஒழுங்காக ஸ்கேன் வந்து, இடையில் ஸ்கேன் வேலையே இல்லாத ஒரு நீண்ட இடைவெளிக்குப் பிறகு திடீரென நின்றுபோனால், ‘யாரும் எதையும் தொடவில்லையே’ என்று அலுவலகமே சத்தியம் செய்யும். உண்மையிலேயே யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் நான் அதை அந்தக் கம்ப்யூட்டரில் ஆன் செய்யச் சொல்ல மாட்டேன். முகப்பு மேஜைக் கம்ப்யூட்டர்தான் அலுவலகத்திலேயே அதிகமான மின்னஞ்சலைத் திறப்பது, கட்சிக்காரர் கொண்டுவரும் பென் டிரைவை வாங்கிச் செருகிக்கொள்வது. டேலி கணக்கும் ஊரார் பான் எண்ணும் இருப்பதும் அதில்தான். ஒரு ஸ்கேனருக்காக அதில் எஸ்எம்பி 1-ஐத் திறந்தால், திறப்பது ஸ்கேனருக்கு மட்டுமல்ல, நெட்வொர்க்கில் உள்ள அத்தனை கருவிகளுக்கும். வை-ஃபையில் சேர்ந்திருக்கும் பார்வையாளரின் லேப்டாப்பும் அதில் அடக்கம். ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள், வேறு வழியே இல்லை என்றால், `Server`-ஐ மட்டும் திறந்து வேலையை முடித்துவிட்டு, அன்று மாலையே நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல்லைத் திறந்து இந்தக் கட்டளையைக் கொடுத்து மூடிவிடலாம்:

```
Disable-WindowsOptionalFeature -Online -FeatureName SMB1Protocol
```

மாலையில் மூடுவதாகச் சொன்னவர்கள் எத்தனை பேர் மூடினார்கள் என்பது வேறு விஷயம்.

சரியான தீர்வைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் மிஷினேதான். ஏதாவது ஒரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் மிஷினின் ஐபி எண்ணைத் தட்டினால், அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே நெட்வொர்க் பகுதியில் எஸ்எம்பி பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில மிஷின்களில் எஸ்எம்பி 2 உள்ளேயே இருந்து, அணைந்த நிலையில் கிடக்கும். வேறு சிலவற்றுக்குத் தயாரிப்பாளர் பின்னாளில் புதிய ஃபர்ம்வேரில் அதைச் சேர்த்துக் கொடுத்திருப்பார். பெரிய மிஷின்களில் ஃபர்ம்வேரை ஏற்றுவது பொதுவாக சர்வீஸ்காரர் வேலை. எனவே “மிஷின்ல என்ன கோளாறு?” என்று அவரைக் கேட்காமல், “இந்த மாடலுக்கு எஸ்எம்பி 2 தர்ற ஃபர்ம்வேர் இருக்கா?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் விசாரித்தாவது ஆக வேண்டும்.

ஃபர்ம்வேர் இல்லையென்றால், மிஷினுக்குத் தெரிந்த வேறு வழியைப் பார்க்கலாம். ஃபோல்டருக்கு ஸ்கேன் அனுப்பும் மிஷின்கள் பலவற்றுக்கு எஃப்டிபியும் தெரியும். முகப்புக் கம்ப்யூட்டரில் ஃபைல்ஸில்லா சர்வர் போன்ற இலவச மென்பொருளை நிறுவி, ஸ்கேன் ஃபோல்டரை மட்டும் காட்டும் ஒரு பயனரை அதற்குள் உருவாக்கி, மிஷினின் முகவரிப் பட்டியலில் எஸ்எம்பிக்குப் பதில் எஃப்டிபி என்று மாற்றினால் வேலை முடிந்தது. இங்கே ஒரு முரண் இருக்கிறது. எஃப்டிபி எஸ்எம்பியைவிட வயதானது, அதில் கடவுச்சொல் அப்பட்டமாகவே போகும். பாதுகாப்பு என்று சொல்லிவிட்டு இதைப் பரிந்துரைப்பது எப்படி? அந்தக் கடவுச்சொல் திருடு போனாலும் திறப்பது ஒரே ஒரு ஃபோல்டரைத்தான். அது விண்டோஸ் பயனர் கணக்கே அல்ல. விண்டோஸின் எஸ்எம்பி 1-இலோ, வன்னாக்ரை காட்டியதுபோல, கம்ப்யூட்டர் முழுவதும் பந்தயத்தில் இருக்கிறது. சர்வரை மிஷினின் ஐபி எண்ணிலிருந்து மட்டும் ஏற்கும்படி வைத்து, ரவுட்டர் வழியாக வெளியே திறக்காமல் இருக்கும்வரை, ஒரு சிறு அலுவலகத்துக்கு இந்தப் பேரம் எனக்குச் சரியாகவே படுகிறது.

மின்னஞ்சலுக்கு ஸ்கேன் அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் அங்கேயும் இதே போன்ற சுவர் எழும்பிவிட்டது. வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு நுழையும் பழைய கருவிகளைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகள் 2022 மே 30-க்குப் பிறகு ஏற்பதில்லை. அவற்றுக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்கிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகும், மிஷினுக்குத் தெரிந்த மறைகுறியாக்கம் பழையதாக இருந்தால் அதுவும் உதவாது. மிஷினில் யூஎஸ்பி துளை இருந்தால் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு நான்கைந்து தாள் என்றால் அதற்கு மேல் மெனக்கெட வேண்டியதே இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து ஸ்கேனரை அழைத்து ஃபைலை வாங்கிக்கொள்ளும் டிரைவர் கிடைத்தால், என்ஏபிஎஸ்2 போன்ற இலவச மென்பொருளும் கைகொடுக்கும். ஆனால் மிஷின் அருகில் நின்று பொத்தானை அழுத்திப் பழகியவர்கள், தாளை வைத்துவிட்டு மேஜைக்கு ஓடி வந்து சொடுக்குவதை ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்துக்கொள்வதில்லை.

தினமும் நூற்றுக்கணக்கில் தாள் ஸ்கேன் ஆகும் நம் ஆடிட்டர் அலுவலகத்தில், எஃப்டிபியும் ஒத்துவரவில்லை என்றால், நான் சொல்வது நடுவில் ஒரு சின்னப் பெட்டியை வைப்பது. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் போதும். அதில் லினக்ஸும் சம்பாவும் ஓடும். ஸ்கேனர் அதனிடம் எஸ்எம்பி 1-இல் பேசும், மேஜைக் கம்ப்யூட்டர்கள் அதனிடம் எஸ்எம்பி 3-இல் பேசும். இரண்டு பக்கமும் திறந்து பார்ப்பது ஒரே ஃபோல்டரைத்தான். சம்பாவின் `smb.conf` கோப்பில் முக்கியமான வரிகள் இவை:

```
[global]
   server min protocol = NT1
   ntlm auth = ntlmv1-permitted
   hosts allow = 192.168.1.

[scan]
   path = /srv/scan
   valid users = scanner office
   force user = scanner
   read only = no
```

முதல் வரி பழைய மொழியை அனுமதிக்கிறது. இரண்டாவது, பழைய மிஷின்கள் கடவுச்சொல்லை நிரூபிக்கப் பயன்படுத்தும் பழைய முறையை அனுமதிக்கிறது. முதல் வரியை மட்டும் போட்டுவிட்டு, இப்போது ‘கடவுச்சொல் தவறு’ என்று வருகிறதே எனத் திகைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவதை விட்டவர்கள். மிஷினுக்கு `scanner`, மனிதர்களுக்கு `office` என்று இரண்டு பயனர்களை லினக்ஸில் உருவாக்கி, `smbpasswd -a` கட்டளையால் கடவுச்சொல் கொடுக்க வேண்டும். `/srv/scan` ஃபோல்டரையும் `scanner` பெயருக்கு மாற்றிவிட வேண்டும். கடவுச்சொல்லே வேண்டாம், யாரும் வரலாம் என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். பாதுகாப்பை ஒதுக்கி வைத்தாலும், அப்படித் திறந்து கிடக்கும் ஃபோல்டருக்குள் புதிய விண்டோஸ் 11 ப்ரோ நுழைய மறுக்கும்.

இதனால் என்ன லாபம்? எஸ்எம்பி 1 அலுவலகத்தை விட்டுப் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. எடர்னல் ப்ளூ நுழைந்தது விண்டோஸின் சொந்த நிரலில் இருந்த ஓட்டை வழியாக. சம்பா வேறு ஆட்கள் தனியாக எழுதியது, அந்த ஓட்டை அதில் கிடையாது. அதற்கென்று வேறு ஓட்டைகள் வரலாம், 2017 மே மாதமே ஒன்று வந்து அடைக்கப்பட்டது. ஆகவே பெட்டிக்கு அப்டேட் போட வேண்டும். அதைவிட முக்கியம், அதில் ஸ்கேன் தவிர வேறெதையும் வைக்காமல் இருப்பது. ஃபைல்களை அன்றன்றைக்கே எடுத்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு மேற்பட்டவை தானாக அழியும்படி செய்துவிட்டால், மோசமான நாளிலும் போவது இரண்டு நாள் ஸ்கேன்தான். அந்தப் பெட்டியில் இருக்கும் மெமரி கார்டு திடீரென்று செத்துப்போகும் வழக்கம் உள்ளது என்பதாலும் இது நல்லது. மிஷினிலிருந்து பெட்டிவரை ஃபைல் மறைக்கப்படாமல்தான் போகும். அதை மாற்ற முடியாது. இரண்டையும் கேபிளில் இணைத்து, ஒரே ஸ்விட்சில் வைத்தால் அந்தத் தூரமாவது குறையும்.

ஏற்கெனவே என்ஏஎஸ் பெட்டி வைத்திருக்கும் அலுவலகங்கள் இதைப் படித்துவிட்டு, அதன் அமைப்பில் மிகக் குறைந்த எஸ்எம்பி பதிப்பை 1 என்று மாற்றிவிடக் கூடும். ஸ்கேன் உடனே வரும். ஆனால் அலுவலகத்தின் மொத்தத் தரவும் பேக்கப்பும் இருக்கும் பெட்டியில் அதைச் செய்வது, முகப்புக் கம்ப்யூட்டரில் செய்வதைவிட மோசம்.

பழைய மிஷினை மாற்றலாம் என்று முடிவெடுத்தவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்எம்பி 2 தெரிந்த மிஷின் என்பது மட்டும் இப்போது போதாது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோ, எண்டர்ப்ரைஸ், எஜுகேஷன் வகைகளில், எஸ்எம்பியில் பேசும் எவரும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பமிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நடுவில் யாரும் செய்தியைத் திருத்தவில்லை என்பதற்கான கணித முத்திரை அது. எஸ்எம்பி 2 பேசத் தெரிந்தும் கையொப்பமிடத் தெரியாத, அல்லது அது அணைந்து கிடக்கிற மிஷின்கள், 23எச்2 வரை நன்றாக ஓடிவிட்டு, அப்டேட் ஏறிய அன்று நின்றுபோகும். அறிகுறி பார்ப்பதற்கு அதே மாதிரிதான் இருக்கும். 1001 பதிவு மட்டும் இருக்காது. கம்ப்யூட்டர் கையொப்பத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறதா என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
Get-SmbServerConfiguration | Select RequireSecuritySignature
```

`True` என்று வந்தால், மிஷினின் அமைப்புப் பக்கத்தில் கையொப்ப வசதியைத் தேடி ஆன் செய்து பாருங்கள். கம்ப்யூட்டரில் அதைத் தளர்த்துவது கடைசி வழி.

ஆகவே ரீகண்டிஷன் மிஷின் வாங்கப் போகும்போது, “ஸ்கேன் வருமா?” என்று கேட்டால், கடைக்காரர் தன் கடையில் உள்ள விண்டோஸ் 7-க்கு அனுப்பிக் காட்டி, “வருதே சார்” என்பார். 24எச்2 ஓடும் உங்கள் லேப்டாப்பையே கையோடு எடுத்துப் போங்கள். அதில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, அதற்கு ஒரு தாளை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபைல் வந்து விழுந்த பிறகு விலையைப் பேசலாம்.